வியூ என்றால் எந்த வியூ? எண்ணிக்கையைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிமிட வீடியோ ஒன்றை யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், ஃபேஸ்புக், எக்ஸ் என நான்கு இடத்தில் ஒரே நாளில் போடுகிறீர்கள். மூன்றாம் நாள் நான்கு இடத்திலும் நான்கு எண். எது பெரிதோ அந்தத் தளத்தில்தான் மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டி, அடுத்த மாதம் முழுவதும் அங்கேயே உழைக்கிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். நான்கு தளங்களும் வியூ என்ற ஒரே சொல்லை நான்கு வேறு சங்கதிகளுக்கு வைத்திருக்கின்றன. எண்ணை ஒப்பிடுமுன் அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான். சேனல் தொடங்கி ஓராண்டுக்குள் இருப்பவர்களையும், பிறர் சேனலின் கணக்கைப் பார்த்து விளம்பரம் கொடுப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: வீடியோவை ஓடவிட்டது யார் என்று பாருங்கள்

வியூ என்பது ஆள் கணக்கு அல்ல. ஒரு வீடியோ ஒரு திரையில் ஓடியது என்ற நிகழ்வின் கணக்கு. ஒருவரே காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பார்த்தால் இரண்டு வியூ ஆகலாம். ஒரு வீட்டில் ஐந்து பேர் டிவி முன் உட்கார்ந்து பார்த்தாலும் அது ஒன்றுதான்.

அடுத்து வருவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். யூடியூபில் நீளமான வீடியோவைப் பார்க்க ஒருவர் தம்ப்நெயிலைத் தொட வேண்டும். தொட்டதே ஒரு சம்மதம். ஃபீடில் அப்படி இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்த வீடியோ தானாக ஓடுகிறது. பார்ப்பவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; அவர் கண் முன்னால் அது வந்து நிற்கிறது, அவ்வளவுதான். முதல் வகையில் ஓடத் தொடங்கியதே ஒரு செய்தி. இரண்டாம் வகையில் எவ்வளவு நேரம் விரல் நின்றது என்பதுதான் செய்தி.

யூடியூப் இந்தச் சம்மதத்தை எவ்வளவு கறாராகப் பார்க்கிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. உங்கள் வீடியோவை ஒரு செய்தித் தளம் தன் பக்கத்தில் எம்பெட் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இணைப்பில் `autoplay=1` என்று போட்டுவிட்டால் பக்கம் திறந்ததும் வீடியோ தானாக ஓடும். அப்படி ஓடியது வியூ கணக்கில் சேராது. பிளேயரில் உள்ள பிளே பட்டனைப் பார்ப்பவரே அழுத்தித் தொடங்கினால்தான் சேரும் என்று யூடியூப் தன் டெவலப்பர் ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறது. அந்தத் தளத்துக்காரர் எங்கள் பக்கத்தில் மட்டும் ஐயாயிரம் முறை ஓடியது என்பார். உங்கள் யூடியூப் ஸ்டூடியோவில் அந்தத் தளத்திலிருந்து நானூறுதான் இருக்கும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்தத் தகராறு வந்தால் முதலில் எம்பெட் இணைப்பில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கச் சொன்னால் ஓட்டம் குறையும், ஆனால் நடக்கும் ஓட்டம் கணக்கில் வரும்.

இரண்டாம் படி: ஆயிரம் தொடக்கத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு நிமிட வீடியோ ஒன்று ஃபீடில் ஆயிரம் பேர் திரையில் ஓடத் தொடங்குகிறது என்று கற்பனை செய்துகொள்வோம். 2 வினாடி முடியும்போது 820 பேர் இருக்கிறார்கள். 3 வினாடியில் 700. 5 வினாடியில் 560. 30 வினாடியில் 240. கடைசிவரை 150 பேர். அந்த 150 பேரில் 60 பேருக்கு வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஃபீடில் வரும் வீடியோவுக்கு இந்தச் சரிவு இயல்பான ஒன்று.

இப்போது ஒவ்வொரு விதியாக வைத்துப் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் வியூ, மறு ஓட்டமும் வியூ என்ற விதியில் 1,060. யூடியூப் ஷார்ட்ஸின் இன்றைய விதி இது. ரீல்ஸும் இப்படித்தான் எண்ணுகிறது. மறு ஓட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், வீடியோவின் பாதியாவது திரையில் தெரியும்படி 2 வினாடி ஓட வேண்டும் என்ற விதியில் 820. எக்ஸ் தளம் வீடியோ வியூவை இப்படி எண்ணுகிறது. ஃபேஸ்புக் நெடுங்காலம் முதன்மையாக வைத்திருந்த, இன்றும் இன்சைட்ஸில் காட்டுகிற 3 வினாடி வியூவில் 700. முப்பது வினாடி வேண்டும் என்றால் 240.

அதே வீடியோ, அதே ஆயிரம் பேர், அதே விரல்கள். பெரிய எண் சிறிய எண்ணைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. இதில் எந்த எண்ணும் பொய் இல்லை. 1,060 என்பது எத்தனை முறை வாய்ப்புக் கிடைத்தது என்பதைச் சொல்கிறது. 240 என்பது எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்கிறது.

எக்ஸ் தளத்தில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. பதிவுக்குக் கீழே பொதுவாகத் தெரியும் வியூ அந்தப் பதிவு எத்தனை முறை கண்ணில் பட்டது என்ற கணக்கு. 2022 டிசம்பரில் வந்தது அது. அதனுள் இருக்கும் வீடியோ எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பது வேறு எண். ஸ்க்ரீன்ஷாட் அனுப்புபவர் இரண்டில் எதை அனுப்பினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூடியூபின் நீள வீடியோவுக்கு 30 வினாடி பார்த்தால்தான் வியூ என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த எண் விளம்பரத்திலிருந்து வந்தது. ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரமாக வீடியோ ஓடும்போது 30 வினாடி பார்க்க வேண்டும், அல்லது அதைவிடக் குட்டையான விளம்பரத்தை முழுக்கப் பார்க்க வேண்டும், அல்லது அதைத் தொட வேண்டும், அப்போதுதான் வியூ. சாதாரணமாக ஒருவர் வந்து பார்ப்பதற்கு எத்தனை வினாடி என்பதை யூடியூப் வெளியிட்டதில்லை. ஒரே ஆள் ஒரு நாளில் எத்தனை முறை பார்த்தால் எண்ணிக்கை நிற்கும் என்பதையும் வெளியிட்டதில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது: வினாடியைச் சொல்லிவிட்டால் போலி வியூ விற்பவர்கள் சரியாக அந்த வினாடி வரை ஓட்டி நிறுத்திவிடுவார்கள். ஆகவே முப்பது வினாடியைத் தாண்டவைப்பதே குறி என்று வீடியோவை அமைக்காதீர்கள். அதை நம்பிக் கணக்கும் போடாதீர்கள்.

வினாடிகள் ஏன் இடத்துக்கு இடம் மாறுகின்றன

ஒவ்வொரு தளமும் வியூவை வைத்து யாரிடம் எதை விற்கிறதோ, வினாடி அதற்கேற்ப அமைகிறது.

விளம்பரதாரருக்கு முதலில் வேண்டியது தன் விளம்பரம் கண்ணில் பட வாய்ப்பு இருந்ததா என்ற உறுதி. அமெரிக்காவில் ஊடக அளவீட்டைத் தணிக்கை செய்யும் எம்ஆர்சி என்ற அமைப்பு வீடியோ விளம்பரத்துக்கு வைத்த அளவு, பாதிப் பரப்பு தொடர்ந்து 2 வினாடி திரையில் இருக்க வேண்டும் என்பது. படமாக நிற்கும் விளம்பரத்துக்கு 1 வினாடி. ரசித்தாரா, புரிந்ததா என்பது அந்த அளவின் வேலை அல்ல. பக்கத்தின் அடியில் யாரும் போகாத மூலையில் ஓடிய விளம்பரத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காசு கொடுக்கும் இடத்தில் வரம்பு உயர்ந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் பாட்டு 30 வினாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம். அங்கே ஒவ்வொரு ஸ்ட்ரீமும் உரிமைத்தொகையில் பங்கு கேட்கிறது. முன்னும் பின்னும் தட்டித் தட்டிப் பாட்டு தேடுபவரின் ஒவ்வொரு தட்டலுக்கும் பங்கு பிரித்தால் முழுக்கக் கேட்கப்பட்ட பாட்டுக்குச் சேர வேண்டியது குறையும். 2024 முதல் இன்னொரு வரம்பும் சேர்ந்தது: முந்தைய 12 மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீமாவது இல்லாத பாட்டுக்குத் தொகை கிடையாது.

நெட்ஃபிளிக்ஸ் கதை இதைவிடப் பாடம் தருவது, ஏனென்றால் ஒரே நிறுவனம் சில ஆண்டுகளில் மூன்று முறை அளவுகோலை மாற்றியது. முதலில் ஒரு படத்தையோ தொடரின் ஒரு பகுதியையோ 70 சதவீதம் பார்த்த வீடுகளை எண்ணியது. 2020 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் 2 நிமிடம் பார்த்தாலே போதும் என்று மாற்றியது. புதிய அளவு பழையதைவிடச் சராசரியாக 35 சதவீதம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் அதிலேயே சொன்னது. இயற்கை பற்றிய ஆவணத் தொடர் ஒன்றுக்குப் பழைய அளவில் 3.3 கோடி வீடுகள், புதிய அளவில் 4.5 கோடி. கூடுதலாக ஒரு வீடுகூட அதைப் பார்க்கவில்லை. விதி மட்டும் மாறியது. 2021 நவம்பரில் பார்த்த மணி நேரத்துக்கு மாறினார்கள். அப்போது நீளமான தொடர்கள் எப்போதும் மேலே வந்தன. 2023 ஜூனில் அந்த மணி நேரத்தை நிகழ்ச்சியின் நீளத்தால் வகுத்து அதற்கு வியூ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வகுத்தலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2 மணி நேரப் படத்தை மொத்தம் 2 கோடி மணி நேரம் பார்த்திருந்தால் 1 கோடி வியூ. 10 மணி நேரத் தொடரை 5 கோடி மணி நேரம் பார்த்திருந்தால் 50 லட்சம் வியூ. இருவர் ஆளுக்குப் பாதிப் படம் பார்த்து நிறுத்தினால் இருவரும் சேர்ந்து ஒரு வியூ. இங்கே குறைந்தபட்ச நேரம் என்பதே கிடையாது. சிந்திய வினாடியெல்லாம் ஒரு பானையில் சேர்ந்து, பிறகு படியால் அளக்கப்படுகிறது. யூடியூபில் 1 கோடி வியூ, நெட்ஃபிளிக்ஸில் 1 கோடி வியூ என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிடும் செய்திகளை இனிமேல் எப்படிப் படிக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரியும்.

வரம்பு சராசரியையும் கெடுக்கும்

வியூ எண்ணோடு மட்டும் இது நிற்பதில்லை. மேலே போட்ட கணக்கிலேயே, அந்த ஆயிரம் பேர் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் மறு ஓட்டம் நீங்கலாக ஏறத்தாழ 18,800 வினாடி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தால் வகுத்தால் சராசரி 18.8 வினாடி. அதே நேரத்தை, 3 வினாடியைத் தாண்டிய 700 பேரால் மட்டும் வகுத்தால் 26.9 வினாடி. மேலே எல்லோருடைய நேரமும் இருக்கிறது, கீழே சிலருடைய தலை மட்டும் இருக்கிறது. சராசரி நாற்பது சதவீதத்துக்கும் மேல் வீங்கிவிட்டது.

2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்ட பிழை இதே பிழைதான். சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிடும்போது 3 வினாடியைத் தாண்டிய வியூக்களால் மட்டும் வகுத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அந்த எண்ணை நம்பி விளம்பரப் பணத்தை ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். வழக்கு நடந்து 2019-ல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஆகவே சராசரி நேரத்தை யாராவது காட்டினால், எதை எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் மொத்தப் பார்வை நேரத்தை வாங்கி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஷார்ட்ஸ் போடுகிறவர் இரண்டு எண்ணை வைத்திருக்க வேண்டும்

2025 மார்ச் 31 அன்று யூடியூப் ஷார்ட்ஸின் விதி மாறியது. அதற்கு முன் சில வினாடியாவது பார்த்தால்தான் வியூ. எத்தனை வினாடி என்பது வெளியே தெரியாது. அன்று முதல் ஓடத் தொடங்கினாலும் மறுபடி ஓடினாலும் வியூ. குறைந்தபட்ச நேரம் இல்லை. பழைய அளவை யூடியூப் தூக்கிப் போடவில்லை. ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸ் பகுதியில் `Advanced mode` திறந்தால் `Engaged views` என்ற பெயரில் அது இருக்கிறது.

வருமானமும் தகுதியும் அந்த `Engaged views` எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஷார்ட்ஸ் வழியாக விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற ஆயிரம் சப்ஸ்கிரைபரோடு, 90 நாளில் 1 கோடி செல்லுபடியாகும் ஷார்ட்ஸ் வியூ வேண்டும். ஒருவர் தன் ஷார்ட்ஸ் எல்லாவற்றிலும் வெளியே தெரியும் எண்ணைக் கூட்டிப் பார்க்கிறார்: 1 கோடியே 10 லட்சம். விண்ணப்பிக்கப் போனால் பட்டன் திறக்கவில்லை. `Engaged views` எடுத்துப் பார்த்தால் 65 லட்சம்தான் இருக்கிறது. எதுவும் பறிபோகவில்லை, அவர் கூட்டியது வேறு எண். ஸ்டூடியோவில் `Earn` பக்கத்தில் காட்டப்படும் எண் ஒன்றையே தகுதிக்கு நம்புங்கள்.

பழைய ஷார்ட்ஸையும் புதிய ஷார்ட்ஸையும் ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். 2025 மார்ச்சுக்கு முந்தைய வியூவை அதற்குப் பிந்தைய வியூவோடு ஒப்பிட்டால் நீங்கள் திடீரென்று வளர்ந்துவிட்டதுபோல் தெரியும். முந்தைய வியூவை, பிந்தைய `Engaged views` எண்ணோடு வைத்துப் பாருங்கள். படி ஒன்றாக இருக்கும்போதுதான் நெல்லை அளந்து பார்க்க முடியும்.

நான்காம் படி: மொத்தம் குறைந்தால் எந்தக் குறைவு என்று பிரியுங்கள்

நேற்று இருந்த எண் இன்று இல்லை என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் காரணங்கள் சிலவே, அவற்றைப் பிரித்தறியவும் முடியும்.

முதலாவது, குறைவே அல்லாத குறைவு. வீடியோவின் கீழே பொதுவில் தெரியும் எண், ஸ்டூடியோவின் கடைசி 48 மணி நேரக் கணக்கு, அனலிட்டிக்ஸின் நாள்வாரி அட்டவணை ஆகிய மூன்றும் வெவ்வேறு நேரத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. 48 மணி நேரக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. நாள்வாரி அட்டவணையோ அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நாளைப் பிரிக்கிறது. நம் கடிகாரத்தில் அவர்களுடைய ஒரு நாள் பகல் 12.30-க்குத் தொடங்குகிறது, அங்கே குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் 1.30-க்கு. பொங்கலன்று காலை 6 மணிக்குப் போட்ட வீடியோவின் காலைப் பொழுது வியூ முழுவதும் அட்டவணையில் ஜனவரி 14 என்றே விழும், பொங்கல் 15-ஆம் தேதி வந்திருந்தாலும். பண்டிகை நாளில் வியூ இல்லையே என்று பதறுமுன் இதை நினைவில் வையுங்கள். ஒரு நாளின் கணக்கை எழுதுவதற்கு இரண்டு மூன்று நாள் காத்திருப்பது நல்லது.

இரண்டாவது, சரிபார்ப்பு. முன்பெல்லாம் புது வீடியோக்களின் எண்ணிக்கை 301-ல் வந்து நிற்கும். லைக் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், வியூ 301 என்றே இருக்கும். முந்நூறு வரை பெரிய சோதனை இல்லாமல் கூட்டிக்கொண்டு போய், அதற்குமேல் பாட்களா மனிதர்களா என்று பார்த்த பிறகே கூட்டினார்கள். 300 ஆகும்போதும் ஒன்றைக் கூட்டலாம் என்று நிரல் அனுமதித்ததால் அது 301-ல் நின்றது. 2015 ஆகஸ்டில் இந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். சரிபார்ப்பை எடுத்துவிடவில்லை, அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. அதனால்தான் எண் சில நேரம் அசையாமல் நிற்கிறது, சில நேரம் ஏறிய பிறகு இறங்குகிறது.

மூன்றாவது, உண்மையான கழித்தல். ஒரு கணக்கைப் பார்ப்போம். சமையல் வீடியோ ஒன்று செவ்வாய்க்கிழமை 12,400 வியூ காட்டியது. வியாழக்கிழமை 9,150. போனது 3,250. `Advanced mode` திறந்து `Traffic source` வாரியாகப் பிரிக்கிறோம். தேடலிலிருந்தும் முகப்பிலிருந்தும் வந்தவர்களின் சராசரிப் பார்வை நேரம் 3 நிமிடம் 10 வினாடி. `External` என்ற வரியில் மட்டும் ஞாயிறு இரவு முதல் ஏறத்தாழ 3,600 வியூ குவிந்திருந்தது. அதன் சராசரி 4 வினாடி. பெரும்பகுதி தமிழே பேசாத ஒரே நாட்டிலிருந்து. அந்த நாட்களில் கமெண்ட் ஒன்றுகூடக் கூடவில்லை. வியாழக்கிழமை அந்த வரிதான் சுருங்கியிருக்கிறது. மற்ற வரிகள் அப்படியே.

இது விலைக்கு வாங்கிய வியூவின் தடம். பெரும்பாலும் வீடியோவைப் பிரபலப்படுத்தித் தருகிறோம் என்று சொன்ன யாரிடமோ சேனல்காரரோ அவர் நலம் விரும்பி ஒருவரோ பணம் கொடுத்திருப்பார். செய்ய வேண்டியது அந்த ஏற்பாட்டை அன்றே நிறுத்துவது. போன எண்ணை ஈடுகட்ட இன்னும் வாங்குவது, வீடியோவை அழித்து மறுபடி ஏற்றுவது இரண்டும் வேண்டாம். அழித்தால் நல்ல 9,150-ம் அதன் கமெண்ட்களும் சேர்ந்து போகும். நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து வந்த கூட்டமும் வெளியிலிருந்து வருவதுதான். ஆனால் அவர்கள் ஒன்றிரண்டு நிமிடமாவது பார்ப்பார்கள், லைக் போடுவார்கள், உங்கள் ஊர்களிலிருந்து வருவார்கள். வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே அது போலி ஆகாது. நேரமும் நாடும் கமெண்ட்டும் சேர்ந்து பேச வேண்டும்.

பணமும் இப்படியே திருத்தப்படும். மாதம் முழுவதும் ஸ்டூடியோவில் தெரிவது உத்தேச வருமானம். செல்லாத போக்குவரத்தைக் கழித்த இறுதித் தொகை அடுத்த மாதம் 7 முதல் 12-ஆம் தேதிக்குள் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறும். உத்தேசத் தொகையைக் காட்டிக் கடன் சொல்லாதீர்கள்.

நான்காவது காரணத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் தகுதிக்கு அருகில் வந்து நிற்பவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். நீள வீடியோ வழியாக விளம்பர வருமானத் தகுதி பெறக் கேட்கப்படும் 4,000 மணி நேரப் பார்வை என்பது சேனல் பிறந்தது முதல் சேர்ந்த கணக்கு அல்ல. கடந்த 12 மாதத்துக் கணக்கு. ஒவ்வொரு நாளும் ஒரு புது நாள் உள்ளே வரும்போது போன ஆண்டின் அதே நாள் வெளியே போகிறது. போன ஜூலை 10 முதல் 15 வரை ஒரு வீடியோ நன்றாக ஓடி 900 மணி நேரம் தந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜூலை 9 அன்று உங்கள் கணக்கு 3,850. தினமும் 10 மணி நேரம் வருகிறது. ஆறு நாளில் 60 வந்து 900 போகும். ஜூலை 15 கடந்ததும் பார்த்தால் 3,010. வியூ ஒன்றுகூட அழிக்கப்படவில்லை, கட்டம் நகர்ந்துவிட்டது. போன ஆண்டின் உச்ச நாட்கள் எவை என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, அவை வெளியேறுவதற்கு முன் இலக்கைத் தொட முடியுமா என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்கில் ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம், விளம்பரம் கொடுத்து வந்த நேரம், பிரைவேட் ஆக்கிய அல்லது அழித்த வீடியோக்களின் நேரம் எதுவும் சேராது. பிடிக்காத பழைய வீடியோவை மறைப்பதற்கு முன் அது எத்தனை மணி நேரம் சுமக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு தாளில் எழுதி வையுங்கள்

குறைந்தது என்று சொல்வதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தேதி, பொதுவில் தெரியும் வியூ, `Engaged views`, மொத்தப் பார்வை நேரம், அதிகம் தந்த `Traffic source` என ஐந்து பத்தி. புது வீடியோவுக்கு முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை. எப்போதும் ஒரே நேரத்தில் எழுதுங்கள்; அவர்களுடைய நாள் முடிந்திருக்க வேண்டுமென்றால் பகல் 2 மணி வசதியானது.

வீடியோ அதிகம் வைத்திருப்பவர்கள் பொது எண்ணைக் கையால் எடுக்க வேண்டியதில்லை. கூகுள் கிளவுடில் `YouTube Data API v3` சேவையை இயக்கி, இலவசமாக ஏபிஐ கீ ஒன்று வாங்கி, இந்த முகவரியில் `VIDEO_ID`, `API_KEY` என்ற இடங்களில் வீடியோவின் ஐடியையும் உங்கள் கீயையும் போட்டுத் திறந்தால் போதும்:

```
https://www.googleapis.com/youtube/v3/videos?part=statistics&id=VIDEO_ID&key=API_KEY
```

பதிலில் வரும் `viewCount` பொதுவில் தெரியும் எண். இந்த அழைப்புக்கு ஒரு யூனிட் செலவாகும். தொடக்கத்தில் நாளுக்கு 10,000 யூனிட் தருகிறார்கள், ஆகவே தீர்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். கீ உங்கள் கையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரதாரருக்குக் கணக்கு அனுப்பும்போது வெறும் எண்ணை அனுப்பாமல் விதியையும் சேர்த்து எழுதுங்கள். இப்படி: "யூடியூப் ஷார்ட்ஸ், வெளியான நாளிலிருந்து 14 நாள், 17-ஆம் நாள் எடுத்த கணக்கு. வியூ 71,000, `Engaged views` 42,000, விளம்பரம் கொடுத்து வந்தது எதுவும் இல்லை." இதைப் பார்த்தவர் ரீல்ஸ் எண்ணோடு 71,000-ஐ ஒப்பிடலாம், 2024-ல் நீங்கள் செய்து கொடுத்த ஷார்ட்ஸோடு 42,000-ஐ ஒப்பிடலாம். விளம்பரம் பற்றிய அந்தக் கடைசி வாக்கியம் ஏன் என்றால், பணம் கொடுத்து ஓட்டிய வியூவும் பொது எண்ணில் சேரும். வெளியான 24 மணி நேரத்தில் சாதனை என்று பாடல் வீடியோக்கள் இப்படி ஏற்றப்பட்ட பிறகு, 2019 செப்டம்பரில் யூடியூப் தன் இசைப் பட்டியல்களிலும் 24 மணி நேரச் சாதனைக் கணக்கிலும் விளம்பர வியூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. வீடியோவின் கீழே தெரியும் எண்ணில் அது இன்னும் இருக்கும். உங்களிடம் யாராவது கணக்குக் காட்டினாலும் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். `Traffic source` பட்டியலில் `YouTube advertising` என்ற வரியின் ஸ்க்ரீன்ஷாட் போதுமானது.